ரெண்டு சிம் போன்: பேச எது, மெசேஜுக்கு எது, நெட்டுக்கு எது? நம்ம கரைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

மண்டபத்திலிருந்து தங்கச்சிமடம் வரை எந்த வீட்டில் கேட்டாலும் இரண்டு நம்பர் இருக்கும். ஒன்று பழைய நம்பர். ஆதார், வங்கிக் கணக்கு, கேஸ், மீன்பிடித் தடைக்கால நிவாரணம் எல்லாம் அதில்தான். இன்னொன்று, வீட்டுக்குள் டவர் எடுக்கிற கம்பெனியாகப் பார்த்து வாங்கிய புது நம்பர். இரண்டையும் ஒரே போனில் போட்டதும் குழப்பம் தொடங்கும். ‘ஓடிபி வரலை’, ‘போன் பேசுனா நெட் நின்னுடுது’, ‘ஜிபே ஓப்பன் ஆகலை’ என்று கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் போனில் எந்தக் கோளாறும் இருப்பதில்லை. எந்த சிம் எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று போனுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

செட்டிங்கைத் திறப்பதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றது எளிது. வருகிற காலுக்கும் வருகிற மெசேஜுக்கும் செட்டிங் எதுவும் கிடையாது. உங்கள் பழைய நம்பருக்கு ஒருவர் அடித்தால் அந்த சிம்மில்தான் மணி அடிக்கும், வங்கி அனுப்பும் ஓடிபி வங்கியில் கொடுத்த நம்பருக்குத்தான் வரும். நீங்கள் தேர்ந்தெடுப்பது வெளியே போகிறவற்றை மட்டும்: நீங்கள் அடிக்கும் கால், நீங்கள் அனுப்பும் மெசேஜ். நெட் மட்டும் வேறு மாதிரி. ஒரு நேரத்தில் ஒரு சிம்மில்தான் நெட் ஓடும், எது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

முதலில் எந்த சிம் எங்கே எடுக்கிறது என்று பாருங்கள்

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று நெட்டுக்கு சிம் வாங்காதீர்கள். கரையோரத்தில் ஒரே தெருவிலேயே மாறும். ஓட்டு வீட்டில் எடுப்பது கான்கிரீட் வீட்டுக்குள் எடுக்காது, ஜெட்டியில் முழுக் கோடு காட்டுவது வீட்டு அடுப்படியில் ஒரு கோடாகிவிடும்.

கோட்டை நம்பாமல் எண்ணைப் பார்க்கும் வழி ஒன்று இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் Settings திறந்து About phone போனால் SIM status என்று இருக்கும் (சில போன்களில் Status என்பதற்குள் ஒளிந்திருக்கும்). அதில் Signal strength என்ற இடத்தில் dBm என முடியும் ஒரு எண் தெரியும், முன்னால் கழித்தல் குறியோடு. 4ஜியில் அது -85 பக்கம் இருந்தால் நல்ல சிக்னல். -100 வரை வீடியோ கால் ஓடும். -110-ஐத் தாண்டினால் குரல் விட்டுவிட்டு வரும். -120 என்றால் கோடு காட்டினாலும் பெயருக்குத்தான். இரண்டு சிம்முக்கும் தனித்தனியாக இந்த எண்ணை நீங்கள் அதிகம் உட்காரும் இடத்தில் பாருங்கள். வீட்டில் ஒரு முறை, படகு கட்டும் இடத்தில் ஒரு முறை, கடையில் ஒரு முறை பார்த்தால் போதும்.

இந்த எண் நன்றாக இருந்தும் நெட் இழுக்கிறது என்றால் டவரில் கூட்டம் என்று பொருள். இராமேசுவரத்தில் ஆடி அமாவாசை, தை அமாவாசை நாளில் இதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கோடு முழுசாக இருக்கும், ஒரு போட்டோ போகாது. அன்றைக்கு செட்டிங்கைத் தோண்டி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சிம்மைப் போடும்போது

போனை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துவிட்டு தட்டை வெளியே எடுங்கள். உப்புக் கை, மீன் கை வேண்டாம். சிம்மின் மஞ்சள் தகட்டில் உப்பு ஈரம் ஒட்டினால் சில மாதத்தில் கறுத்து, நன்றாக இருந்த சிம் திடீரென ‘No SIM’ காட்டும். அப்படி ஆனால் உலர்ந்த மென்துணியால் துடைத்துப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். தட்டின் விளிம்பில் மெல்லிய ரப்பர் வளையம் இருந்தால் அதைக் கழற்றிவிடாதீர்கள், தண்ணீர் உள்ளே போகாமல் தடுப்பது அதுதான்.

சில போன்களில் இரண்டாவது சிம்முக்கும் மெமரி கார்டுக்கும் ஒரே இடம். இரண்டில் ஒன்றைத்தான் வைக்க முடியும். வாங்கும்போதே தட்டை இழுத்துப் பார்த்துவிடுவது நல்லது. இ-சிம் உள்ள போன் என்றால் இந்தத் தொல்லை இல்லை. தட்டில் ஒன்று, உள்ளே ஒன்று.

பழைய நம்பரை முதல் இடத்தில் வையுங்கள். பழைய மாடல் போன்கள் சிலவற்றில் முதல் இடத்தில் மட்டும்தான் 4ஜி முழுசாக வேலை செய்யும். அப்படிப்பட்ட போன் என்றால் மட்டும் நெட் சிம்மை முதலில் வைக்க வேண்டும். ஜியோ போன்ற 4ஜி, 5ஜி மட்டுமே உள்ள கம்பெனியின் சிம் அங்கேதான் உயிரோடு இருக்கும். ஒரு முறை வைத்த இடத்தைப் பிறகு மாற்றாதீர்கள். சிம்மை இடம் மாற்றினால் பணம் அனுப்பும் ஆப்கள் சில உங்களை வெளியேற்றிவிட்டு மறுபடியும் பதியச் சொல்லும்.

ஒரு வீட்டுக் கதை: பாம்பன் அக்காவின் போன்

பாம்பனில் ஒரு அக்கா. வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர், மகன் துபாயில். அக்காவின் பழைய நம்பர் வங்கியில் இருக்கிறது. தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் ஏறினால் அதில்தான் மெசேஜ் வரும். புது நம்பரில் தினம் நெட் உண்டு, மகன் வாட்ஸாப்பில் கூப்பிடுவது அதன் நெட்டில்தான். அவர் போனை எப்படி அமைத்தோம் என்று சொல்கிறேன், உங்கள் வீட்டுக்கும் ஏறக்குறைய இதுவே பொருந்தும்.

இரண்டு சிம்மும் உள்ளே போனதும் Settings திறந்து சிம் பக்கத்துக்குப் போனோம். சாம்சங்கில் Connections-க்குள் SIM manager என்று இருக்கும். பல போன்களில் Network & internet-க்குள் SIMs, வேறு சிலவற்றில் SIM cards & mobile networks. பெயர் எப்படி இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: இரண்டு சிம், அவற்றின் கீழே Calls, Messages, Mobile data என மூன்று வரி.

முதலில் பெயர் வைத்தோம். சிம் மேல் தட்டினால் பெயர் மாற்ற இடம் வரும். கம்பெனி பெயரை எடுத்துவிட்டு ஒன்றுக்கு ‘பேங்க்’ என்றும் மற்றதுக்கு ‘நெட்’ என்றும் தமிழிலேயே அடித்தோம். இதைப் பெரும்பாலானோர் செய்வதில்லை. ஆனால் இனிமேல் போன் எப்போது ‘எந்த சிம்?’ என்று கேட்டாலும் அக்காவுக்கு யோசிக்க வேண்டியதில்லை.

கால் வரியில் Ask every time என்று வைத்தோம். ஒவ்வொரு முறையும் கேட்கிறதே என்று முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். ஆனால் அக்கா எந்த சிம்மில் அடிக்கிறாரோ அந்த நம்பர்தான் எதிர்ப்பக்கம் தெரியும். படகு ஓனருக்கும் வியாபாரிக்கும் பழைய நம்பர்தான் பழக்கம், புது நம்பரைப் பார்த்தால் யாரோ என்று விட்டுவிடுவார்கள். சில போன்களில் கேட்கும் பெட்டியிலேயே இந்த ஆளுக்கு எப்போதும் இதே சிம் என்று டிக் செய்ய இடம் உண்டு. நான்கைந்து பேருக்கு அப்படிச் செய்துவிட்டால் கேள்வி குறைந்துவிடும். கால் பட்டியலில் ஒவ்வொரு பெயர் பக்கத்திலும் 1 அல்லது 2 என்று சின்னதாக இருக்கும். தவறவிட்ட காலைத் திருப்பி அடிக்கும் முன் அதைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

மெசேஜ் வரியில் கேள்வியே வேண்டாம், நேராக ‘பேங்க்’ சிம். இதற்குக் காரணம் ஜிபே, போன்பே போன்ற ஆப்கள். அவை பதியும்போது வங்கியில் உள்ள நம்பரிலிருந்து பின்னணியில் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி, இந்த போனும் இந்த நம்பரும் ஒன்றுதான் என்று உறுதி செய்துகொள்ளும். அது வருகிற மெசேஜ் இல்லை, போகிற மெசேஜ். பழைய சிம்மில் எஸ்எம்எஸ் அனுப்ப பேலன்ஸோ பேக்கோ இல்லாவிட்டால், அல்லது மெசேஜ் மற்ற சிம்மில் போய்விட்டால், ஆப் சுற்றிச் சுற்றி நின்று ‘சரிபார்க்க முடியவில்லை’ என்று சொல்லும். ‘நெட் இருக்கே, ஓடிபி வருதே, அப்புறம் ஏன்?’ என்று பலரும் கேட்பது இங்கேதான். ஆப் எந்த சிம் என்று கேட்கும்போது பழையதைத் தொட வேண்டும், எஸ்எம்எஸ் அனுமதி கேட்டால் கொடுக்க வேண்டும், அந்த சிம்மிலிருந்து கையால் ஒரு மெசேஜ் அனுப்பிப் போகிறதா என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

நெட் வரியில் ‘நெட்’ சிம். வாட்ஸாப் பழைய நம்பரில் இருக்கிறதே, நெட்டை மாற்றினால் அது போய்விடாதா என்று அக்கா கேட்டார். போகாது. வாட்ஸாப் நம்பரைப் பிடித்துக்கொண்டிருப்பது, நெட் எந்த சிம்மிலிருந்து வந்தாலும் ஓடும். புது நம்பருக்கும் தனி வாட்ஸாப் வேண்டுமென்றால் ஆண்ட்ராய்டில் அதே ஆப்புக்குள்ளேயே இரண்டாவது கணக்கைச் சேர்க்கலாம். இதற்காக எங்கிருந்தோ இன்னொரு வாட்ஸாப்பை இறக்க வேண்டாம்.

அதே பக்கத்தில் Auto data switching அல்லது அதுபோல ஒரு பொத்தான் இருக்கும். நெட் சிம் பலவீனமானால் தானாக மற்ற சிம்முக்குத் தாவும் வசதி. கேட்க நன்றாக இருக்கும். நம்ம பக்கம் நான் அதை அணைத்தே வைக்கச் சொல்வேன். சிக்னல் ஏறி இறங்கும் இடத்தில் போன் ஓயாமல் தாவும். பேங்க் சிம்மில் கொஞ்சம் இருக்கும் டேட்டாவும் தெரியாமல் கரையும்.

பேசும்போது நெட் ஏன் நிற்கிறது

இது கோளாறு இல்லை. சிம் இரண்டு இருந்தாலும் பெரும்பாலான போன்களில் டவரோடு பேசும் ரேடியோ ஒன்றுதான். இரண்டு சிம்மும் சும்மா காத்திருக்கும்போது அது மாறி மாறி இரண்டையும் கவனிக்கும். பேங்க் சிம்மில் நீங்கள் பேசத் தொடங்கினால் ரேடியோ முழுசாக அந்தப் பக்கம் போய்விடும், நெட் சிம் அதுவரை காத்திருக்கும். அந்த நேரம் நெட் சிம் நம்பருக்கு யாராவது அடித்தால் ‘தொடர்பு எல்லைக்கு அப்பால்’ என்று கேட்கும். நெட் ஓடும் சிம்மிலேயே பேசினால், 4ஜி வழியாகவே பேச வைக்கும் VoLTE வசதியைப் போட்டிருந்தால், நெட் நிற்காது. ஆகவே இரண்டு சிம்முக்கும் VoLTE பொத்தான் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சில புதிய போன்களில் Data during calls என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டால் பேசும் நேரத்துக்கு மட்டும் நெட் அந்த சிம்முக்கு மாறிக்கொள்ளும், அந்த சிம்மில் டேட்டா இருந்தால்.

தனுஷ்கோடிப் பக்கம் போகிறவர்களுக்கு

அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். நடுவில் தடுக்க மலையோ கட்டடமோ இல்லை, கடல் மட்டும். அதனால் அக்கரை டவரின் சிக்னல் இங்கே வந்து விழும். போன் முதலில் தன் சொந்தக் கம்பெனி டவரைத்தான் தேடும், அது கிடைக்காதபோது மட்டும் வேறு எதையாவது பிடிக்கும். இரண்டு சிம் வைத்திருப்பவர்களுக்கு இங்கேதான் சிக்கல். நெட் சிம் நம்ம டவரில் நன்றாக இருக்கும். அங்கே டவர் இல்லாத கம்பெனியின் சிம்மாக இருந்தால் பேங்க் சிம் மட்டும் சத்தமில்லாமல் அக்கரைக்குப் போயிருக்கும். திரையின் மேலே Dialog அல்லது Mobitel என்று பெயரோ, கோட்டுப் பக்கத்தில் R என்ற எழுத்தோ தெரிந்தால் அதுதான். இலங்கைக்கு வரவேற்று ஒரு மெசேஜும் வரலாம். இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம் என்பதால் கடிகாரம் மாறாது, அதைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

சர்வதேச ரோமிங் திறக்காத ப்ரீபெய்டு சிம் என்றால் பெரிய பயமில்லை, சேவை கிடைக்காமல் நிற்கும். மாதக் கடைசியில் பில் கட்டும் போஸ்ட்பெய்டு சிம்மில், வெளிநாடு போய்வந்தபோது ரோமிங்கைத் திறந்துவிட்டு மூடாமல் இருப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும். கீழக்கரை, தொண்டிப் பக்கம் இப்படிப் பலர் உண்டு. தனுஷ்கோடியில் நின்று அக்கரை டவரில் பேசும் கால் வெளிநாட்டில் நின்று பேசியதாகக் கணக்காகும்.

செய்ய வேண்டியது இரண்டு. ஒவ்வொரு சிம்முக்குள்ளும் போய் Data roaming அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஒன்றில் அணைத்தால் மற்றதில் அணையாது. இது நெட்டை மட்டும்தான் தடுக்கும். காலையும் தடுக்க, தனுஷ்கோடி போகும்போது Network operators போய் தானாகத் தேர்ந்தெடு என்பதை எடுத்துவிட்டுச் சொந்தக் கம்பெனியைக் கையால் தேர்ந்தெடுங்கள். டவர் இல்லாவிட்டால் சும்மா இருக்கும், அக்கரைக்குப் போகாது. திரும்பி வந்ததும் மறக்காமல் Automatic போட்டுவிடுங்கள். கையால் தேர்ந்தெடுத்ததை அப்படியே விட்டுவிட்டால், பிறகு கேரளாவுக்கோ ஆந்திராவுக்கோ போகும்போது அந்த சிம் ‘No service’ என்று நிற்கும். கம்பெனி ஒன்றேயானாலும் அந்த மாநிலத்து நெட்வொர்க்கை போன் வேறாகப் பார்க்கும்.

கடலுக்குள் போகிறவர்களுக்கு இன்னொன்று. கரையை விட்டு விலகியதும் இரண்டு சிம்மும் டவரைத் தேடிக்கொண்டே இருக்கும், பேட்டரி சீக்கிரம் தீரும். எடுக்காத சிம்மை சிம் பக்கத்திலேயே அணைத்துவிடலாம். சிம்மைக் கழற்ற வேண்டாம், பொத்தானை மட்டும். ஆபத்தில் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்கு அடிக்க ஒரு சிம்மாவது உயிரோடு இருக்கட்டும். டவர் எல்லைக்கு வெளியே போனை நம்ப முடியாது, அங்கே விஎச்எஃப்தான்.

பழைய நம்பரைச் சாக விடாமல்

பேங்க் சிம்முக்கு நெட் பேக் போட்டுப் பணத்தை வீணாக்குகிறவர்கள் நிறைய. 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதியைத் திருத்தியதால், பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக்குகளைக் கம்பெனிகள் விற்கின்றன. கடையில் ‘நெட் வேண்டாம், கால், மெசேஜ் பேக் மட்டும்’ என்று கேளுங்கள். அதை ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் முதலில் போகிற கால் நிற்கும், பிறகு வருகிறதும் நின்று ஓடிபியும் வராது. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத நம்பரைக் கம்பெனி திரும்ப எடுத்து வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம். பிறகு உங்கள் வங்கி மெசேஜ் அந்த ஆளுக்குப் போகும்.

சிம் தொலைந்து புதிதாக அதே நம்பரில் வாங்கினாலோ, இ-சிம்மாக மாற்றினாலோ முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் போகாது, வராது. மோசடியைத் தடுக்கப் போட்ட விதி அது. ஆகவே பணம் அனுப்ப வேண்டிய நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

எல்லாம் சரியா என்று பார்ப்பது

பக்கத்தில் இன்னொரு போனை வைத்துக்கொண்டு இரண்டு நம்பருக்கும் தனித்தனியாக அடித்துப் பாருங்கள். இரண்டும் மணி அடிக்க வேண்டும். ஒன்று மட்டும் ‘தொடர்பு எல்லைக்கு அப்பால்’ என்று சொன்னால் அந்த சிம்மின் பொத்தான், VoLTE, பேக் மூன்றையும் பாருங்கள். மணி அடிக்காமல் வேறு யாரோ எடுத்தால், காலைத் திருப்பிவிடும் வசதி யாருக்கோ போயிருக்கிறது. ‘இந்த எண்ணை அடிங்க, பார்சல் வரும்’ என்று சொல்லி, நட்சத்திரக் குறியில் தொடங்கும் எண்ணை அடிக்க வைக்கும் மோசடி நடக்கிறது. அது உங்கள் கால்களை அவர்களுக்குத் திருப்பிவிடும். எல்லாத் திருப்பலையும் எடுத்துவிட:

```
##002#
```

இதையும் இரண்டு சிம்மிலும் தனித்தனியாக அடிக்க வேண்டும். Ask every time வைத்திருந்தால் போன் எந்த சிம் என்று கேட்கும்.

அடுத்து இதை அடித்தால் போனின் அடையாள எண்ணான IMEI இரண்டு திரையில் வரும், சிம் இடத்துக்கு ஒன்றாக:

```
*#06#
```

இரண்டையும் ஒரு தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள். போன் தொலைந்தால் தடை செய்யும் விண்ணப்பத்தில் இரண்டும் கேட்பார்கள், ஒன்றை மட்டும் கொடுத்தால் மற்ற இடத்தில் சிம் போட்டு ஓட்டலாம்.